உர மூட்டையின் மூன்று எண்கள்: நீலகிரி வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் உரக்கடையில் திணறும் இடம் ஒன்று உண்டு. "அண்ணா, காம்ப்ளக்ஸ் ஒரு கிலோ கொடுங்க" என்று கேட்டால், "எது வேணும், பதினேழா, பத்து இருபத்தாறா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பதில் தெரியாததால் பாதிப் பேர் "எது நல்லதோ அதைக் கொடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எந்தச் செடிக்கு, எவ்வளவு இடத்துக்கு என்று தெரியாமல் கடைக்காரரால் நல்லதைத் தேர்ந்து கொடுக்க முடியாது. அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொண்டு போவது எளிது. கால் சென்ட் உருளைக்கிழங்குப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்ப்போம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எதுவானாலும் தேவையின் அளவுதான் மாறும், கணக்கு இதேதான்.

எண்கள் எதைச் சொல்கின்றன

மூட்டையில் 10-26-26 என்றோ 17:17:17 என்றோ அச்சிட்டிருக்கும். வரிசை எப்போதும் மாறாது. முதல் எண் தழைச்சத்து (N), நடு எண் மணிச்சத்து (P), கடைசி எண் சாம்பல்சத்து (K). மூன்றும் எடையில் சதவீதம். அதாவது 10-26-26 உரத்தில் 100 கிராம் எடுத்தால் அதில் 10 கிராம் தழைச்சத்து, 26 கிராம் மணிச்சத்து, 26 கிராம் சாம்பல்சத்து இருக்கும். மீதி 38 கிராம் வேண்டாத கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சத்துகள் தனித்தனியாக நிற்பதில்லை, உப்புகளாகத்தான் இருக்கும். அந்த உப்புகளில் உள்ள மற்றப் பொருள்களும் குருணையைப் பிடித்து நிறுத்தும் பொருளும் சேர்ந்ததுதான் அந்த மீதி.

தனி உரங்களையும் இதே மாதிரி படிக்கலாம். யூரியா 46-0-0, டிஏபி 18-46-0, சிவப்பாகவோ வெள்ளையாகவோ வரும் பொட்டாஷ் 0-0-60, சூப்பர் என்று கடையில் சொல்லும் சூப்பர் பாஸ்பேட் 0-16-0. இந்த நான்கும், ஒன்றிரண்டு காம்ப்ளக்ஸ் வகைகளும் தெரிந்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். சில மூட்டைகளில் 20-20-0-13 என்று நான்காவது எண் இருக்கும். அது கந்தகம்.

மூட்டையில் மணிச்சத்து P₂O₅ என்றும் சாம்பல்சத்து K₂O என்றும் எழுதியிருப்பார்கள். தனிமமாகக் கணக்கிட்டால் எண் குறையும். P₂O₅ அளவில் சுமார் 44 சதவீதம்தான் உண்மையான பாஸ்பரஸ், K₂O அளவில் சுமார் 83 சதவீதம்தான் பொட்டாசியம். ஆனால் நம் ஊரில் பயிருக்கான பரிந்துரைகளையும் இதே P₂O₅, K₂O கணக்கில்தான் கொடுக்கிறார்கள் என்பதால் மாற்றிக் கணக்கிட வேண்டியதே இல்லை. மூட்டையில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2022 அக்டோபரிலிருந்து மானிய உரங்கள் எல்லாம் "பாரத்" என்ற ஒரே பெயரில் வருகின்றன: பாரத் யூரியா, பாரத் டிஏபி, பாரத் என்பிகே. எந்த நிறுவனம் தயாரித்தாலும் மூட்டையின் தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறுவனத்தின் பெயர் ஓரமாகச் சிறிதாக இருக்கும். முன்பு மூட்டையின் நிறத்தையும் படத்தையும் வைத்து அடையாளம் சொன்னவர்கள் இப்போது எண்ணைத்தான் பார்த்தாக வேண்டும். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று லூஸாக வாங்கும்போது பையில் எண்ணே இருக்காது. எந்த மூட்டையிலிருந்து அள்ளுகிறார் என்று பார்த்து, அந்த எண்ணைப் பேனாவால் உங்கள் பையிலேயே எழுதிவிடுங்கள். குருணையைப் பார்த்து எந்த உரம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சாம்பல் நிறக் குருணையில் பல வகை இருக்கிறது.

மலையில் நடு எண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும்

சமவெளியில் எழுதப்பட்ட உரக் குறிப்புகள் நமக்குச் சரிப்படாமல் போவதற்குக் காரணம் மண். நீலகிரியின் மண் புளிப்பு மண். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருப்பது இங்கே சாதாரணம். இப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் கரைந்த நிலையில் நிறைய இருக்கும். நாம் போடும் மணிச்சத்தை அவை பிடித்துக்கொண்டு, கரையாத பொருளாக மாற்றிவிடும். மூட்டை 26 என்று சொல்வது பொய்யில்லை, 26 பங்கு மண்ணுக்குள் போகிறது. ஆனால் அந்தப் போகத்தில் வேருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்.

மலை உருளைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டேருக்கு 120:240:120 கிலோ. நடு எண் மற்ற இரண்டையும்விட இரு மடங்கு. செடி அவ்வளவு மணிச்சத்தைச் சாப்பிடுவதில்லை. உருளை உண்மையில் மண்ணிலிருந்து எடுப்பதில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும்தான் அதிகம். மண் விழுங்கிக்கொள்ளும் பங்கையும் சேர்த்துத்தான் 240 என்று வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே உர மூட்டையைத் தேர்வு செய்யும்போது என் கண் முதலில் போவது நடு எண்ணுக்குத்தான். நாலு கடையில் விலை விசாரிப்பதைவிட அது பயன் தரும்.

மற்ற இரண்டு எண்களின் கதை வேறு. தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். சாம்பல்சத்தும் ஓரளவு அப்படியே. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை கனமாக இருக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் மழைக்காலத் தொடக்கத்தில் தழைச்சத்து முழுவதையும் ஒரே தடவையில் போட்டால் அதில் பெரும்பங்கு சரிவில் இறங்கி ஓடைக்குப் போய்ச் சேரும். ஆக, மணிச்சத்தை முழுவதும் நடும்போதே கிழங்கருகில் போட வேண்டும். தழைச்சத்தைப் பிரித்துப் போட வேண்டும். நம் கணக்கு இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

பாத்தியை அளப்பது

நம் பாத்தி 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மொத்தம் 10 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று மேல், எனவே இது ஏறத்தாழ கால் சென்ட். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர் விட்டால் நான்கு வரிசை வரும். சரிவுக்குக் குறுக்காக வரிசை ஓட வேண்டும், அப்போதுதான் மழை உரத்தோடு மண்ணையும் இழுத்துக்கொண்டு போகாது.

எக்டேர்க் கணக்கை வீட்டுக் கணக்காக மாற்ற ஒரு சுலப வழி இருக்கிறது. எக்டேருக்கு எத்தனை கிலோவோ, 10 சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். 10 சதுர மீட்டர் எக்டேரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கிராம் கிலோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதனால் 120:240:120 கிலோ நமக்கு 120 கிராம் தழை, 240 கிராம் மணி, 120 கிராம் சாம்பல் ஆகிறது. இவை உரத்தின் எடை அல்ல, சத்தின் எடை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்: "240 கிராம் மணிச்சத்து" என்று படித்துவிட்டு 240 கிராம் சூப்பரை அளந்து போட்டுவிடுவார்கள். அதில் இருப்பது 38 கிராம் மணிச்சத்துதான்.

சத்தின் எடையிலிருந்து உரத்தின் எடைக்குப் போக ஒரே ஒரு வகுத்தல் போதும்:

```
உரம் (கிராம்) = வேண்டிய சத்து (கிராம்) × 100 ÷ மூட்டை எண்
```

எந்த மூட்டை, எவ்வளவு

கடையில் 10-26-26, சூப்பர், யூரியா மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கலவை உரத்தில் எப்போதும் ஒரு சத்தைப் பிடித்து அதை முதலில் சரிக்கட்ட வேண்டும். மற்றவற்றில் குறைவதைத் தனி உரத்தால் நிரப்பலாம், ஆனால் மிஞ்சியதை வெளியே எடுக்க முடியாது. இங்கே சாம்பல்சத்துக்கு வேறு மூட்டை வாங்கப் போவதில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சாம்பல்சத்து வேண்டியது 120 கிராம். மூட்டை எண் 26. 120 × 100 ÷ 26 = 461. அதாவது 460 கிராம் 10-26-26. இதே 460 கிராமில் மணிச்சத்தும் 120 கிராம் வந்துவிடுகிறது, தழைச்சத்து 46 கிராம் வருகிறது.

இப்போது குறைவதைப் பார்ப்போம். மணிச்சத்தில் இன்னும் 120 கிராம் வேண்டும். சூப்பரின் எண் 16. 120 × 100 ÷ 16 = 750 கிராம் சூப்பர்.

தழைச்சத்தில் இன்னும் 74 கிராம் வேண்டும். இதை யூரியாவில் கொடுக்கலாம். 74 × 100 ÷ 46 = 160 கிராம் யூரியா. ஆனால் இதை மொத்தமாகப் போடப் போவதில்லை. தழைச்சத்தில் பாதி, அதாவது 60 கிராம் நடும்போது. மீதி 60 கிராம் மண் அணைக்கும்போது. நடும்போது காம்ப்ளக்ஸிலிருந்தே 46 கிராம் கிடைத்துவிடுவதால் யூரியா 30 கிராம் போதும். மண் அணைக்கும்போது 130 கிராம் யூரியா.

ஆக, அடியுரம்: 460 கிராம் 10-26-26, 750 கிராம் சூப்பர், 30 கிராம் யூரியா. மேலுரம்: 130 கிராம் யூரியா. நான்கு வரிசைக்குப் பிரித்தால், நடும்போது வரிசைக்கு 115 கிராம் காம்ப்ளக்ஸ், 190 கிராம் சூப்பர், ஏழரைக் கிராம் யூரியா. பிறகு வரிசைக்கு 32 கிராம் யூரியா. காய்கறி எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். ஒரு பழைய டம்ளரில் ஒவ்வொரு உரத்தையும் ஒரு தடவை எடை போட்டு, எந்த மட்டம் வரை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டால் அடுத்த போகத்துக்குத் தராசு வேண்டாம். ஆனால் உரத்துக்கு உரம் கோடு மாறும். யூரியா லேசானது, காம்ப்ளக்ஸ் கனமானது. "ஒரு கைப்பிடி" என்ற அளவை மட்டும் விட்டுவிடுங்கள். யூரியாவில் ஒரு கைப்பிடி கூடிப்போவதும் சூப்பரில் ஒரு கைப்பிடி கூடிப்போவதும் ஒன்றல்ல.

கடையில் 17-17-17 மட்டும்தான் இருக்கிறது என்றால்? 240 கிராம் மணிச்சத்தை அதிலிருந்தே எடுக்கப் பார்த்தால் 1.4 கிலோ போட வேண்டும். அப்போது தழைச்சத்தும் 240 கிராம் ஆகிவிடும், தேவையைப் போல இரு மடங்கு. சமமான எண் உள்ள மூட்டை எல்லாச் செடிக்கும் ஏற்றது என்று பலர் நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான். நம் தேவை சமமாக இல்லை. சரி, அதைத்தான் வாங்க வேண்டியிருந்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு 700 கிராம் மட்டும் எடுத்து, கூடவே 750 கிராம் சூப்பர் போடுங்கள். எண்கள் சரியாக வந்துவிடும். ஆனால் 700 கிராமையும் நடும்போதே போட்டால் தழைச்சத்து முழுவதும் முதல் மழைக்கே மாட்டிக்கொள்ளும். பாதியை வைத்திருந்து மண் அணைக்கும்போது போட்டால், அந்தப் பாதியில் உள்ள மணிச்சத்து வேருக்குத் தாமதமாகப் போகும், மேல்மண்ணில் நின்றுவிடும். இரண்டில் நான் பாதி பாதியாகப் போடுவதையே சொல்வேன், ஏனென்றால் சூப்பரின் மணிச்சத்து நடும்போதே கீழே போய்விடுகிறது.

தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அங்கே மிஞ்சிய கலவையைக் காய்கறிப் பாத்திக்குப் போடுவதையும் பார்க்கலாம். தேயிலையில் இலையைத்தான் பறிக்கிறோம் என்பதால் அந்தக் கலவை பெரும்பாலும் யூரியாவும் பொட்டாஷும்தான். மணிச்சத்தை ராக் பாஸ்பேட்டாகத் தனியே வேறு சமயத்தில் போடுவார்கள். கிழங்குப் பாத்திக்கு அதைப் போட்டால் நடு எண் கிட்டத்தட்ட பூஜ்யம். கலவையை வீணாக்க வேண்டாம் என்றால் எண்ணைக் கேட்டறிந்து, மணிச்சத்து முழுவதையும் சூப்பரில் கொடுங்கள்: 240 × 100 ÷ 16 = 1.5 கிலோ.

எங்கே, எப்படிப் போடுவது

நடுவதற்கு முன் பாத்திக்கு 15 கிலோ மக்கிய தொழு உரம் சேர்க்க வேண்டும். அதற்கும் மூன்று எண் உண்டு, சுமாராக 0.5-0.2-0.5 என்று எடுத்துக்கொள்ளலாம். 15 கிலோவில் 75 கிராம் தழைச்சத்து வருகிறதே, யூரியாவைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். அந்த 75 கிராமில் ஒரு பங்குதான் இந்தப் போகத்தில் கிடைக்கும், குளிர்ந்த மண்ணில் அதுவும் மெதுவாகத்தான். பரிந்துரையே தொழு உரத்தையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் தாராளமாக எரு போட்டிருந்தால், குறிப்பாகக் கோழி எரு போட்டிருந்தால், மேலுர யூரியாவைப் பாதியாக்கலாம்.

வரிசை போட்ட சாலின் அடியில் உரத்தைக் கோடாக இடுங்கள். பாத்தி முழுவதும் தூவிக் கொத்தி விடாதீர்கள். தூவினால் மணிச்சத்துக் குருணை ஒவ்வொன்றும் நாலாபுறமும் புளிப்பு மண்ணால் சூழப்பட்டு, சில வாரங்களில் கட்டுண்டு போகும். கோடாகச் சேர்ந்து கிடந்தால் மண்ணோடு படும் பரப்பு குறைவு, வேரும் பக்கத்தில் இருக்கும். கூடவே ஒரு பங்கு தொழு உரத்தையும் சாலில் போட்டால் மணிச்சத்து இன்னும் கொஞ்ச நாள் கரைந்த நிலையில் இருக்கும். உரத்தின் மேல் இரண்டு அங்குல மண் தள்ளிவிட்டு அதன் பிறகு விதைக்கிழங்கை வையுங்கள். குருணை கிழங்கில் நேரே பட்டால் முளை கருகும்.

மேலுரம் ஏறத்தாழ 30 நாளில், செடி முழங்கால் உயரம் எட்டுவதற்கு முன், மண் அணைக்கும் அதே நாளில். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி யூரியாவைக் கோடாக இட்டு, உடனே மண்ணை அணைத்து மூடிவிடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் கனமழை வரும் அறிகுறி இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். இலையில் ஈரம் இருக்கும் காலை நேரத்தில் போட்டால் இலையில் ஒட்டிய யூரியா அங்கேயே கரைந்து ஓட்டை ஓட்டையாகக் கருகலை உண்டாக்கும். பனி உலர்ந்த பின் போடுவது நல்லது.

சுண்ணாம்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். மண் பரிசோதனையில் கார அமில நிலை 5-க்குக் கீழே இருந்தால், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்திக்கு 2 கிலோ டோலமைட் தூவிக் கொத்திவிடலாம். அது புளிப்பைக் குறைப்பதால் மணிச்சத்து கட்டுண்டு போவதும் குறையும். உரத்தோடு ஒரே நாளில் கலந்து போடக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். உருளைக்கு அதிகமாகவும் போட வேண்டாம். மண் புளிப்பு குறைந்துவிட்டால் கிழங்கில் சொறி வரும். 5-க்கும் 5.5-க்கும் இடையில் இருந்தாலே உருளைக்குப் போதும்.

தவறினால் எப்படித் தெரியும்

தழைச்சத்து கூடிவிட்டால் செடி கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கரும்பச்சையாக, கொழுகொழுவென்று வளரும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு சிறியதாக, குறைவாக இருக்கும். மூடுபனி நாள்களில் இந்த மாதிரிச் செடியில் பின்பருவ இலைக்கருகல் நோய் விரைவாகப் பரவும், இலைகள் நெருக்கமாக இருந்து காய்வதே இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு முன் யூரியா போட்டாலும் இளந்தளிர்தான் முதலில் கருகும்.

மணிச்சத்து குறைந்தால் செடி குட்டையாக, இலை மங்கிய கரும்பச்சையாக, சிலவற்றில் ஊதா படர்ந்து நிற்கும். ஆனால் குளிர் அதிகமான வாரத்தில் வேர் மெதுவாக வேலை செய்வதாலும் இதே ஊதா வரும். வெயில் அடித்து ஒரு வாரத்தில் புது இலை சரியாக வந்தால் அது குளிரின் வேலை. புது இலையும் அப்படியே வந்தால் மணிச்சத்துக் குறை. அந்தப் போகத்தில் மேலே தூவி அதைச் சரி செய்ய முடியாது, அடுத்த போகத்தில் சாலில் போடுவதுதான் வழி.

சாம்பல்சத்து குறைந்தால் கீழ் இலைகளின் ஓரம் மஞ்சளாகிப் பழுப்பாகக் காயும். கீழ் இலையில் ஓரம் பச்சையாக இருந்து நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளானால் அது மூன்று எண்களில் எதுவும் இல்லை, மக்னீசியம். புளிப்பு மண்ணில் இது அடிக்கடி வரும். அதனால்தான் உருளைக்கு எக்டேருக்கு 60 கிலோ மக்னீசியம் சல்பேட்டும் சொல்கிறார்கள். நம் பாத்திக்கு 60 கிராம், அடியுரத்தோடு. இதை அறியாமல் மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் அதிகம்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. பல ஆண்டுகளாக உருளையும் கேரட்டும் போட்டு, போகத்துக்குப் போகம் சூப்பர் கொட்டிய நிலமாக இருந்தால் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அங்கே 240 தேவையே இல்லை. வாங்கிய வீட்டின் பின்புறம் முன்பு என்ன பயிரானது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். பிறகு நாலைந்து இடத்தில் ஓரடி வரைக்கும் இல்லாமல் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். அறிக்கையில் மணிச்சத்து "அதிகம்" என்று வந்தால் சூப்பரை மட்டும் விட்டுவிட்டு 10-26-26-ஐயும் யூரியாவையும் போடலாம்.

தொட்டிச் செடிக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும்

தொட்டியில் குருணை உரம் போடுவதை நான் விரும்புவதில்லை. சிறிய மண்ணில் உப்பு ஓரிடத்தில் சேரும், இலை நுனி கருகும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரியும். நீரில் கரையும் 19-19-19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுவது பாதுகாப்பானது. 2 கிராமில் ஒவ்வொரு சத்தும் 0.38 கிராம்தான், ஆனால் அது அப்படியே கரைந்த நிலையில் வேருக்குப் போகிறது. வெள்ளைப் படிவம் வந்துவிட்டால் உரத்தை நிறுத்திவிட்டு, அடியில் தண்ணீர் நன்றாக வெளியேறும்வரை இரண்டு மூன்று தடவை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலியோரம் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவில் நடு எண் வேறு விதமாக விளையாடும். பூ நீலமாவது செடி அலுமினியத்தை உறிஞ்சுவதால். நம் புளிப்பு மண்ணில் அது தாராளமாகக் கிடைக்கிறது. நடு எண் பெரிதான உரத்தைத் தொடர்ந்து போட்டால் மணிச்சத்தும் அலுமினியமும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும், செடிக்கு அலுமினியம் குறையும், பூ மெல்ல இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். டிஏபியும் டோலமைட்டும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். நீலம் வேண்டும் என்றால் அந்த வரிசைக்கு நடு எண் சிறிதான உரம் போதும். கொஞ்சம் யூரியாவும் பொட்டாஷும் தொழு உரமும் போட்டாலே நன்றாகப் பூக்கும். உருளைப் பாத்தி பக்கத்திலேயே இருந்தால் சூப்பரையும் சுண்ணாம்பையும் அதன் வேர்ப்பக்கம் சிதற விடாதீர்கள்.

மிஞ்சியதை வைப்பது

ஒரு போகத்துக்கு மேல் மீதி இருக்கும்தான். மலையில் மூடுபனிக் காற்றே யூரியாவை ஈரமாக்கிக் கட்டியாக்கிவிடும். இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் தனித்தனியாக வைத்து, டப்பாவின் மேல் பெயரை மட்டும் எழுதாமல் மூன்று எண்ணையும் எழுதுங்கள். குழந்தைகளும் மாடுகளும் எட்டாத இடமாக இருக்கட்டும். யூரியாவையும் சூப்பரையும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது, ஒரே இரவில் பிசுபிசுத்துக் களிம்பாகி அளக்கவே முடியாமல் போகும். சாலில் போடும் நாளில், போடுவதற்குச் சற்று முன் கலந்தால் போதும்.